டெங்கு முடிந்து மறுபடி ஓட்டம்: முதல் வாரத்தைவிட மூன்றாவது வாரம்தான் பயம்

"டாக்டர், வணக்கம். வயது 41, ஊர் மடிப்பாக்கம். நான்கு வருடமாக ஓடுகிறேன். செவ்வாய் 8, வியாழன் 8, சனி 6, ஞாயிறு 16 என்று வாரம் 38 கி.மீ. அரை மாரத்தான் 2 மணி 5 நிமிடம். போன மாதம் டெங்கு வந்து ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். பிளேட்லெட் 38 ஆயிரம் வரை இறங்கி, இப்போது 2 லட்சத்து 10 ஆயிரம். காய்ச்சல் விட்டு மூன்று வாரம் ஆகிறது. ஓடிச் சரியாக ஒரு மாதம். நேற்று மூன்றாவது மாடி ஏறியதற்கே மூச்சு வாங்கிவிட்டது. ஜனவரியில் சென்னை மாரத்தானில் அரை மாரத்தானுக்குப் பணம் கட்டியிருக்கிறேன். பத்து வாரம் இருக்கிறது. ஓட்டக் குழுவில் ஒருவர் 'பாதியில் ஆரம்பிங்க, வாரா வாரம் பத்து சதவீதம் கூட்டுங்க' என்கிறார். வீட்டில் 'ஆறு மாசம் ஓடவே கூடாது' என்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்? வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கணக்காகச் சொன்னால் நன்றாக இருக்கும்."

இருவர் சொல்வதையும் விட்டுவிடுங்கள். ஆறு மாதம் சும்மா இருக்க வேண்டிய அவசியம் உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரியவில்லை. பாதியில் ஆரம்பிக்கவும் வேண்டாம். இன்னும் ஒரு வாரம் நடங்கள், கீழே சொல்லும் சோதனைகளில் தேறுங்கள். அடுத்த வாரம் 6 கி.மீ.யில் தொடங்கினால் பதின்மூன்றாவது வாரத்தில் பழைய 38-க்கு வந்துவிடலாம். ஜனவரியில் ஓடுங்கள், ஆனால் 10 கி.மீ. பிரிவில். ஏன் இப்படி என்பதைச் சொல்கிறேன்.

முதலில் அந்த மூன்று மாடி. பயப்பட வேண்டாம். படுக்கையில் கிடந்தால் உடம்பு எவ்வளவு வேகமாகத் தேயும் என்பதை 1966-ல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் சோதித்துப் பார்த்தார்கள். இருபது வயதுள்ள ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். கடும் உழைப்பின்போது உடம்பு பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துபோனது. முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரையும் வரவழைத்து அளந்தார்கள். முப்பது வருடத்தில் வயதாகி இழந்ததைவிட, அந்த மூன்று வாரப் படுக்கையில் அவர்கள் இழந்ததுதான் அதிகமாக இருந்தது. நீங்கள் முழு மூன்று வாரம் படுக்கவில்லைதான். ஆனால் அவர்களுக்குக் காய்ச்சல் இல்லை, உங்களுக்கு இருந்தது. சாப்பாடும் சரியாக இறங்கியிருக்காது. அந்தக் கணக்கில் பார்த்தால் மூச்சு வாங்கியது ஆச்சரியமில்லை.

போனது சீக்கிரம் வந்துவிடும் என்பது இதிலுள்ள நல்ல செய்தி. ஓட்டம் நின்ற சில நாட்களிலேயே ரத்தத்தில் இருக்கும் நீர்ப்பகுதி குறைகிறது. அதனால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் ரத்தம் குறைந்து, அதே வேகத்துக்கு அதிகம் துடிக்க வேண்டியிருக்கிறது. மறுபடி ஓடத் தொடங்கினால் ஒன்றிரண்டு வாரத்திலேயே இந்த நீர்ப்பகுதி திரும்பிவிடும். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் காலை, "அட, பழையபடி ஆகிவிட்டோமே" என்று உங்களுக்கே தோன்றும்.

அந்த நாள்தான் எனக்குப் பயம். மூச்சு திரும்பிய வேகத்தில் எலும்பு திரும்புவதில்லை. கொஞ்ச நாள் ஓய்ந்திருந்த எலும்பின்மேல் மறுபடி பாரம் விழும்போது, உடம்பு முதலில் பழைய எலும்பை ஆங்காங்கே கரைத்துக் குழி பறிக்கிறது. இதற்கு இரண்டு மூன்று வாரம். அப்புறம் அந்தக் குழிகளில் புது எலும்பை நிரப்பிக் கெட்டியாக்குகிறது. இதற்கு மாதக்கணக்கில் ஆகும். தெருவைத் தோண்டிப் போட்டுவிட்டு, தார் போடப் பல மாதம் காக்கவைக்கும் நம்ம ஊர் வேலை மாதிரிதான். இடைப்பட்ட காலத்தில் எலும்பு முன்பைவிடக் கொஞ்சம் பலவீனமாகவே இருக்கும். மூன்றாவது வாரத்திலிருந்து ஏழெட்டாவது வாரம் வரை இந்த நிலை. சரியாக இதே நேரத்தில்தான் உங்களுக்கு மூச்சும் உற்சாகமும் வந்து, கிலோமீட்டரைக் கூட்டுவீர்கள். மழைக்காலக் காய்ச்சல் முடிந்து நவம்பரில் ஓட ஆரம்பித்தவர்கள், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி என்று என்னிடம் வருவது பெரும்பாலும் டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும்தான். முதல் வாரத்தில் யாரும் வருவதில்லை. முதல் வாரத்தில் களைப்பே அவர்களைக் காப்பாற்றிவிடுகிறது.

இப்போது உங்கள் நண்பரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பாதி என்றால் முதல் வாரம் 19 கி.மீ. பத்து சதவீதம் கூட்டினால் அடுத்தது 21, பிறகு 23, 25, 28 என்று போய் எட்டாவது வாரத்தில் 37. கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. சிக்கல் அந்த முதல் 19-ல். கடந்த முப்பது நாளில் உங்கள் கால் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது? பூஜ்யம். பூஜ்யத்திலிருந்து ஒரே வாரத்தில் 19-க்குத் தாவிவிட்டு, அதற்கப்புறம் பத்துப் பத்து சதவீதமாகப் பயபக்தியோடு ஏறுவதில் என்ன பயன்? அந்த விதி ஏற்கெனவே சீராக ஓடிக்கொண்டிருப்பவருக்கு ஒரு கடிவாளம், அவ்வளவுதான். நெதர்லாந்தில் புதிதாக ஓட வந்தவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு இந்தப் பத்து சதவீத முறையில் பயிற்சி கொடுத்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு குழுவிலும் காயம் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். அது மட்டுமில்லை, சின்ன எண்களில் சதவீதம் வேடிக்கையாகிவிடும். 2 கி.மீ.யில் பத்து சதவீதம் 200 மீட்டர். ஆகவே நான் வாரத்துக்கு 4 கி.மீ. என்று நேரடியாகக் கூட்டுகிறேன், நடுவில் சில வாரங்கள் கூட்டாமலும் விடுகிறேன்.

ஓடுவதற்கு முன்னால் இந்த ஒரு வாரத்தில் செய்ய வேண்டியது. தினமும் நடங்கள். முதல் நாள் 20 நிமிடம், வார முடிவில் 5 கி.மீ. சமதரையில் 55 நிமிடத்துக்குள் நடந்து முடித்து, மறுநாள் காலையில் வழக்கம்போல் எழுந்து வேலைக்குப் போக முடிந்தால் கால் தயார். சாயந்திரமே கண்ணை இழுக்கிறது, மறுநாள் அடித்துப் போட்டது போல் இருக்கிறது என்றால் இன்னொரு வாரம் நடை மட்டும். டெங்குவுக்குப் பிறகு வாரக்கணக்கில் அசதி நீடிப்பது சாதாரணம். அதை மன உறுதியால் மிதித்துத் தாண்டப் பார்த்தால் இன்னும் நீளும்.

காலையில் கண் விழித்ததும், எழுவதற்கு முன்பே நாடித்துடிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். கையில் வாட்ச் இருப்பவர் என்று நினைக்கிறேன். காய்ச்சலுக்கு முந்தைய மாதத்தின் எண் அதில் இருக்கும். அது 56 என்று வைத்துக்கொண்டால், தொடர்ந்து மூன்று நாள் காலையில் 61-க்குள் இருக்க வேண்டும். 66, 68 என்று காட்டினால் உடம்பு இன்னும் உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. டெங்கு விடும் நேரத்தில் சிலருக்கு நாடி வழக்கத்தைவிடக் குறைவாகவும் துடிக்கும், பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். ஆனால் மூன்று வாரம் கழித்தும் அப்படியே இருந்து, தலைசுற்றலும் சேர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ரத்தப் பரிசோதனையில் உங்கள் பிளேட்லெட் நன்றாகவே இருக்கிறது. ஒன்றரை லட்சத்தைத் தாண்டினால் போதும். எல்லோரும் பிளேட்லெட்டையே பார்த்துக்கொண்டு மற்ற இரண்டை விட்டுவிடுகிறார்கள். ஒன்று ஹீமோகுளோபின். இன்னொன்று கல்லீரல் என்சைம்களான எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. டெங்குவில் இவை எகிறி, மெதுவாக இறங்கும். இந்தச் சோதனையை ஓட ஆரம்பிப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள். ஓடிய மறுநாள் ரத்தம் கொடுத்தால், தசையிலிருந்து வரும் என்சைமும் கலந்து எண் கூடுதலாகக் காட்டும். பிறகு கல்லீரல் இன்னும் சரியாகவில்லை என்று வீண் கவலை.

இதயம் பற்றி ஒரு வார்த்தை. டெங்கு அரிதாக இதயத் தசையையும் தாக்கும். ஆஸ்பத்திரியில் இருந்துவந்தவர், வயது நாற்பதைத் தாண்டியவர் என்பதால் ஒரு இ.சி.ஜி. எடுத்துவிட்டே ஆரம்பியுங்கள். நெஞ்சு வலி, படபடப்பு, நடக்கும்போது மயக்கம் வருவது போலிருப்பது, காலில் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டுவது, இவற்றில் எது இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு இதய மருத்துவரிடம் போய் எக்கோ பாருங்கள். இதயத் தசையில் அழற்சி என்று உறுதியானால் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் கடும் உடற்பயிற்சி கூடாது. வீட்டில் சொல்லும் 'ஆறு மாசம்' எங்கிருந்தோ இப்படித்தான் வந்திருக்க வேண்டும். உங்கள் மாடிப்படி மூச்சு வாங்கல் வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வரவேண்டும். குறையாமல் அப்படியே நின்றாலோ கூடினாலோ அதையும் சொல்லுங்கள்.

சரி, தேறிவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு வாரக் கணக்குக்கு வருவோம். நான் சொல்லும் கிலோமீட்டர் ஓட்டத்தை மட்டும் குறிக்கும். நடுவில் நடப்பது கணக்கில் இல்லை.

முதல் வாரம் செவ்வாய், வியாழன், ஞாயிறு, மூன்று நாள் மட்டும். ஐந்து நிமிடம் நடந்துவிட்டு, 2 நிமிடம் ஓட்டம் 2 நிமிடம் நடை என்று ஏழு முறை, கடைசியில் ஐந்து நிமிடம் நடை. ஒரு நாளைக்கு ஓட்டம் 14 நிமிடம், ஏறத்தாழ 2 கி.மீ. வாரத்துக்கு 6 கி.மீ. இது உங்களுக்கு அவமானமாகக் கூட இருக்கும். 16 கி.மீ. ஓடிய அதே சாலையில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் நின்று நடப்பதா என்று. குழுவோடு போகாமல் தனியாகப் போங்கள், பிரச்சினை தீர்ந்தது.

இரண்டாம் வாரமும் அதே மூன்று நாள்தான். 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, ஆறு முறை. நாளைக்கு மூன்று கி.மீ.க்குச் சற்று மேலே, வாரத்துக்கு 10.

மூன்றாம் வாரத்தில் நடை இடைவெளியைக் குறைக்கலாம்: 9 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை. செவ்வாய் 4, வியாழன் 4, ஞாயிறு 6, மொத்தம் 14.

நான்காம் வாரம் மறுபடியும் அதே 14. ஒரு கிலோமீட்டர் கூடக் கூட்டக்கூடாது. நடையை நிறுத்திவிட்டுத் தொடர்ச்சியாக ஓடலாம், அவ்வளவுதான் மாற்றம். இந்த வாரத்தில்தான் உங்களுக்கு 10 கி.மீ. ஓட முடியும் போலத் தோன்றும், ஓடவும் முடியும். மூச்சு இடம் கொடுக்கும். எலும்பில் குழி பறிக்கும் வேலை நடந்துகொண்டிருக்கும் நேரமாதலால் வேண்டாம் என்கிறேன். இந்த அட்டவணையில் ஒரே ஒரு வாரத்தைத்தான் நீங்கள் மாற்றக்கூடாது என்று நான் சொல்ல முடியும் என்றால், நான்காம் வாரத்தைத்தான் சொல்வேன்.

ஐந்தாம் வாரத்தில் சனிக்கிழமையையும் சேர்த்து நான்கு நாளாக்குங்கள். செவ்வாய் 4, வியாழன் 4, சனி 3, ஞாயிறு 7, மொத்தம் 18. ஆறாம் வாரம் 5, 5, 4, 8 என்று 22. ஏழாம் வாரம் 6, 5, 5, 10 என்று 26. எட்டாம் வாரம் ஒரு படி இறங்கி மறுபடி 22, ஆறாம் வாரத்தின் அதே அளவு. ஒன்பதாம் வாரக் கடைசியில் உங்கள் மாரத்தான் ஞாயிறு வருகிறது: செவ்வாய் 5, வியாழன் 4, ஞாயிறு போட்டி 10, ஆக 19. ஏழாம் வாரத்தில் ஒரு தடவை 10 ஓடியிருப்பதால் அன்று கால்களுக்கு அது புது தூரமில்லை.

போட்டிக்குப் பிறகு பத்தாம் வாரம் 6, 6, 4, 10 என்று 26. பதினொன்றில் 6, 7, 5, 12 என்று 30. பன்னிரண்டில் 7, 8, 5, 14 என்று 34. பதின்மூன்றில் 8, 8, 6, 16. உங்கள் பழைய வாரம் வந்துவிட்டது. வேகப் பயிற்சி, மேடு ஏறும் ஓட்டம் எதுவும் பத்தாம் வாரத்துக்கு முன்னால் வேண்டாம். தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டவும் வேண்டாம்.

அரை மாரத்தானையே நடந்தும் ஓடியும் முடித்துவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. முடித்துவிடுவீர்கள். ஒன்பதாவது வாரத்தில், அதுவரை ஓடிய அதிகபட்சம் 10 கி.மீ. என்றிருக்க, ஒரே நாளில் 21.1. இருமடங்குக்கும் மேல். அந்தத் தாவல்தான் காயத்துக்கு நேர் வழி. பிரிவை மாற்றிக்கொள்ள ஏற்பாட்டாளர்களிடம் இப்போதே கேளுங்கள். மாற்றித் தர மறுத்தால் கட்டிய பணத்தை மறந்துவிடுங்கள். எலும்பில் கீறல் விழுந்தால் ஆறு முதல் எட்டு வாரம் ஓட முடியாது, ஸ்கேன் செலவு தனி.

வேகம் பற்றி. உங்கள் பழைய சாதாரண ஓட்டம் கிலோமீட்டருக்கு 6:45 என்ற அளவில் இருந்திருக்கும். முதல் நான்கு வாரம் 7:30-க்குக் குறையாமல் ஓடுங்கள். 8 ஆனாலும் தப்பில்லை. இன்னும் எளிய அளவுகோல் பேச்சு. பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியத்தை நடுவில் மூச்சு எடுக்காமல் பேச முடிய வேண்டும். பழைய 6:45-ல் நாடி 140 காட்டியிருந்தால், அந்த 140-தான் இப்போது உச்சவரம்பு. அதற்கு எந்த வேகம் வருகிறதோ அதுதான் இன்றைய வேகம். இரண்டு மாதத்தில் அதே 140-க்கு 7:30 என்பது 7:00 ஆகிக் குறைந்துகொண்டே வரும். முன்னேற்றத்தை அதில் பாருங்கள்.

ஒரு மாதம் வெயிலில் ஓடாததால், வியர்த்துச் சூட்டைத் தணிக்கும் பழக்கமும் உடம்பிலிருந்து போயிருக்கும். நவம்பர் சென்னையில் வெயில் இல்லாவிட்டாலும் காற்றில் ஈரம் நிறைய, வியர்வை காயாது. காலை ஐந்தரைக்குத் தொடங்கி ஆறரைக்குள் வீடு திரும்பிவிடுங்கள்.

இனி, தப்பாகப் போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது. தசை வலி பரவலாக இருக்கும், கெண்டைக்கால் முழுக்க, தொடை முழுக்க. ஓட ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் குறையும், இரண்டு நாளில் போய்விடும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். எலும்பு வலி வேறு. முழங்காலுக்குக் கீழே, காலின் உள்பக்க ஓரமாக எலும்பை மேலிருந்து கீழே கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். ஓர் இடம் வந்ததும் 'ஆ' என்று காலை இழுத்துக்கொள்வீர்கள், ஒரு ரூபாய் நாணயம் அளவு இடம். அதற்கு மேலேயும் கீழேயும் வலி இருக்காது. ஓட ஓடக் குறையாமல் கூடும். அந்தக் காலில் மட்டும் நின்று ஒரு முறை குதித்தால் அதே இடத்தில் சுருக்கென்று இருக்கும். இப்படியானால் அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு விளையாட்டு மருத்துவரையோ எலும்பு மருத்துவரையோ பாருங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். "எக்ஸ்ரே நார்மல், ஓடலாம்" என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள்; தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள். பாதத்தின் மேல்பக்கம், விரல்களுக்குச் சற்றுப் பின்னால் வரும் வலிக்கும் இதே சோதனைதான். இடுப்பு மடிப்பில் ஆழத்தில் வலி வந்தால் குதித்துப் பார்க்கவே வேண்டாம். தொடையெலும்பின் கழுத்தில் கீறலாக இருக்கலாம், அது அவசரம்.

குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாண் இன்னொரு பிடிவாதக்காரன். காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் பத்து அடி வைக்கும்போது விறைத்துக்கொண்டு, நடந்ததும் சரியாகும். இந்த விறைப்பு நாளுக்கு நாள் குறைகிறதா கூடுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஓடிய மறுநாள் காலை கூடியிருந்தால் அந்த வாரத்தின் மீதி ஓட்டத்தைப் பாதியாக்குங்கள்.

இதற்கு முன்தடுப்பாக முதல் வாரத்திலிருந்தே ஒன்று செய்யுங்கள். சுவரில் விரல் நுனியை வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று, முட்டியை மடக்காமல் குதிகாலை முழுக்க உயர்த்தி இறக்குங்கள். எத்தனை முடிகிறது என்று எண்ணுங்கள். உங்கள் அளவுக்கு ஓடுபவருக்கு 25 முடிய வேண்டும். படுக்கையிலிருந்து எழுந்தவருக்கு 12, 14-லேயே குதிகால் பாதி உயரம்தான் எழும்பும். எத்தனை முடிகிறதோ அதில் இரண்டு குறைத்து, மூன்று சுற்று, வாரத்துக்கு மூன்று நாள், ஓடாத நாளில். இரண்டு காலிலும் 25 வந்துவிட்டால்தான் நான்கு நாள் ஓட்டத்துக்குப் போக வேண்டும். ஐந்தாம் வாரத்துக்குள் வரவில்லை என்றால் நான்காம் வாரத்தையே இன்னொரு தரம் செய்யுங்கள்.

களைப்புக்கும் ஒரு அளவு உண்டு. ஓடி முடித்த அன்று அசதி இருக்கலாம். மறுநாளோ அதற்கடுத்த நாளோ திடீரென்று உடம்பு சரிந்து, வேலை ஓடாமல், காலை நாடி எட்டு பத்து கூடியிருந்தால் அந்த வாரத்தை அப்படியே விட்டு, நாடி இறங்கியதும் முந்தைய வாரத்திலிருந்து தொடருங்கள். தவறிய ஓட்டத்தை ஞாயிற்றுக்கிழமை சேர்த்து ஓடிக் கணக்கை நேர்செய்ய வேண்டாம். மழையால் ஒரு வாரமே போய்விட்டாலும் இதே விதிதான்: முந்தைய வாரத்தை மறுபடி.

மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் வகைகள் டெங்கு சமயத்தில் ரத்தக்கசிவைக் கூட்டும் என்பதால் தவிர்க்கச் சொல்லியிருப்பார்கள். இப்போது அந்த ஆபத்து தாண்டிவிட்டது என்றாலும், வலி என்பது உங்களுக்கு இப்போது தகவல். அதை மறைத்துவிட்டால் மேலே சொன்ன நாணய அளவு வலியை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? சாப்பாட்டில் காய்ச்சலில் கரைந்த தசை திரும்ப, ஒவ்வொரு வேளையும் முட்டையோ மீனோ பருப்போ சுண்டலோ ஏதாவது ஒன்று கண்டிப்பாக இருக்கட்டும். இரும்புச்சத்து மாத்திரை ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் மட்டும்.

இதை வாசிக்கும் எல்லோருக்கும் இந்த அட்டவணை பொருந்தாது. நான்கு நாள் சாதாரணச் சளிக்காய்ச்சல் வந்து, அப்புறம் மழையும் வேலையுமாக ஒரு மாதம் விட்டுப்போனவர், வீட்டுக்குள் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர், மூன்றாம் வாரத்தின் அளவிலிருந்தே தொடங்கலாம். ஆனால் ஒரே அளவில் நிற்கும் அந்த ஒரு வாரம் அவருக்கும் உண்டு. நுரையீரல் வரை போன காய்ச்சல், டைபாய்டு, நீரிழிவு, ரத்த அழுத்தம் இருப்பவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, ஓட்டத்துக்கு வெளியே. டெங்கு வைரஸில் நான்கு வகை. உங்களுக்கு வந்துபோன வகை மறுபடி வராது, மற்ற மூன்றும் வரலாம். இரண்டாம் தடவை வரும் டெங்கு கடுமையாகும் வாய்ப்பு அதிகம். இதைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பது. பொழுது விடிந்த முதல் சில மணி நேரமும் பொழுது சாய்வதற்கு முந்தைய நேரமும்தான் அதன் சுறுசுறுப்பு நேரம். ஓடிக்கொண்டிருக்கும்போது பெரிதாகக் கடிக்காது. ஓடி முடித்து, வியர்வையோடு அரைக்கால் சட்டையில் பார்க் பெஞ்சுக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் நின்று பேசுகிறோமே, அப்போதுதான் கடிக்கும். கிளம்பும் முன் காலிலும் கையிலும் கொசு விரட்டி களிம்பு தடவிக்கொள்ளுங்கள், பேச்சை வீட்டுக்குப் போய் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.